லேபிளில் இருக்கும் முகத்தை எப்போது எடுப்பது?

வாசகியின் கடிதம்

எனக்கு வயது 47. சருமப் பராமரிப்புப் பொருட்கள் தயாரித்து விற்கிறேன். பன்னிரண்டு வருடத் தொழில். என் பெயர்தான் பிராண்டின் பெயர். ஒவ்வொரு லேபிளிலும் என் போட்டோ இருக்கும். வாரம் மூன்று வீடியோ போடுவேன். "அக்கா கையில் தடவிப் பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் பாட்டிலில் அடைப்போம்" என்பது எல்லா வீடியோவிலும் வரும் என் வரி. இப்போது 70 பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 14 பேட்ச் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் நான் பார்ப்பது ஐந்தோ ஆறோதான்.

சென்ற வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் பேசக் கூடாது என்றார்கள். வீடியோ நின்றது. மாதம் 4,000 ஆர்டர் வந்த இடத்தில் 3,350தான் வந்தது. நான் இல்லாவிட்டால் பிராண்டே இல்லை என்று அன்று புரிந்துகொண்டேன். அந்த மாதங்களின் கணக்கை இணைத்திருக்கிறேன்.

என்னோடு தொழிலைப் பார்க்கும் தம்பி, "அடுத்த லாட்டிலிருந்தே உன் பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்போம், ஒரு நடிகையைப் போடுவோம்" என்கிறான். முதலீட்டாளர் ஒருவர் 30 சதவீதப் பங்கு கேட்கிறார். என் பெயர், படம், பழைய வீடியோக்கள் எல்லாவற்றையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. மகள் படிப்பை முடிக்கப் போகிறாள், அவளை அடுத்த முகமாகக் கொண்டுவரலாமா என்றும் ஒரு யோசனை. நான் எப்போது விலக வேண்டும்? விலகினால் எனக்கு என்ன மிஞ்சும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வணிக ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி முதலீட்டாளரைப் பற்றியதும் அல்ல, தம்பியைப் பற்றியதும் அல்ல. பதினான்கில் ஐந்தோ ஆறோதான் பார்க்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஆர்டர் குறைவதற்கு முன்பே, உங்கள் முகம் ஒரு இடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். அந்த இடம் லேபிள் இல்லை, பேட்ச் அறை.

நிறுவனரின் முகம் என்பது ஒரு வாக்கு. "இதை நான் பார்த்தேன், கெட்டால் என்னைக் கேள்" என்று அது சொல்கிறது. மாதம் இரண்டு பேட்ச் ஓடிய காலத்தில் அந்த வாக்கு அப்படியே உண்மை. இன்று மாதத்தில் எட்டு, ஒன்பது பேட்ச் நீங்கள் பார்க்காமலே அந்த வரியோடு வெளியே போகின்றன. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் பணியாளர்களின் திறமை. ஆனால் ஒரு பேட்சில் பத்துப் பேருக்குச் சருமத்தில் எரிச்சல் வந்து, அந்த பேட்சை யார் பார்த்தார்கள் என்ற கேள்வி எழுந்தால், உங்களிடம் பதில் இருக்காது. அன்று தரக்குறைவு என்ற பேச்சு வராது, பொய் சொன்னீர்கள் என்ற பேச்சுதான் வரும். பல நாடுகளில் இது தவறான விளம்பரம் என்ற சட்டப் பிரச்சினையாகவும் மாறும்.

ஆகவே எத்தனை ஊழியர், எத்தனை ஆர்டர் என்று பார்த்து விலகும் நாளைக் குறிக்காதீர்கள். முகம் சொல்லும் எந்த வாக்கை ஆளால் காப்பாற்ற முடியவில்லையோ, அந்த வாக்கிலிருந்து முகம் அன்றே விலக வேண்டும். மற்ற இடங்களில் இருக்கலாம். ஒரே நாளில் முழுவதுமாக விலகுவது, அல்லது விலகவே விலகாமல் இருப்பது என்று இரண்டே வழிகள் இருப்பதாக நீங்களும் தம்பியும் நினைக்கிறீர்கள். இதில் படிப்படியாகச் செய்ய நிறைய இடம் இருக்கிறது.

அந்த இரண்டு மாதக் கணக்கு சொல்வது வேறு

4,000 எப்படி 3,350 ஆனது என்று நீங்கள் அனுப்பிய தாளைப் பிரித்துப் பார்த்தேன். வழக்கமான மாதத்தில் ஏற்கனவே வாங்கியவர்களின் ஆர்டர் 2,400, முதல்முறை வாங்குபவர்கள் 1,600. நீங்கள் பேசாமல் இருந்த மாதங்களில் பழையவர்கள் 2,330, புதியவர்கள் 1,020. பழையவர்களில் ஏற்பட்ட சரிவு 3 சதவீதம்கூட முழுதாக இல்லை. புதியவர்களில் 36 சதவீதம். மொத்தச் சரிவான 650 ஆர்டரில் 580 புதியவர்களுடையது. ஏற்கனவே வாங்கியவர்கள் உங்களைப் பார்க்காமலே திரும்ப வாங்கியிருக்கிறார்கள். உங்கள் முகம் வாசலில் நின்று அழைக்கிறது, உள்ளே வந்தவர்களைக் கிரீம் பிடித்து வைத்திருக்கிறது. இது நல்ல நிலைமை. முகத்துக்காக ஒருமுறை வாங்கிவிட்டு மறந்துபோகும் பிராண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே நிறுவனரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிடங்குதான்.

ஆனால் இந்தக் கணக்கை வைத்து நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது? இரண்டரை மாதம், மூன்று மாதம் வரும் என்றால் இரண்டு மாத இடைவெளியில் பழையவர்களின் மனமாற்றம் கணக்கில் தெரியவே தெரியாது. கையில் இருப்பது தீரும்வரை அவர்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதோடு, இன்று வராத புதியவர் ஆறு மாதம் கழித்து வராத பழையவர். அந்த 580 பேர் பின்னால் எத்தனை ஆர்டராகியிருப்பார்கள் என்று சேர்த்துப் பார்த்தால் இழப்பு இன்னும் கொஞ்சம் பெரிது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அந்த மாதங்களில் விளம்பரச் செலவு பாதிக்கும் கீழே போயிருக்கிறது. புது வீடியோ இல்லை என்பதால் விளம்பரத்தையும் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அப்படியானால் ஆர்டர் குறைந்தது உங்கள் முகத்தாலா, விளம்பரம் ஓடாததாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. நீங்கள் படுத்திருந்ததால் கடை படுத்தது என்று தோன்றுவது இயல்புதான். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை போதும். ஒரே பொருள், ஒரே தொகை, ஒரே நான்கு வாரம், மூன்று வகை வீடியோ. ஒன்றில் நீங்கள் வழக்கம்போலப் பேசுங்கள். இரண்டாவதில் உங்கள் ஃபார்முலாவைக் கவனிக்கும் வேதியியலாளர் பேசட்டும், அதே விஷயத்தை, அதே நீளத்தில். மூன்றாவதில் முகமே வேண்டாம். கையில் கிரீம் எடுத்துத் தடவும் காட்சியும் குரலும் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களைக் குறியுங்கள். ஒரு புதிய ஆர்டர் பிடிக்க எவ்வளவு செலவானது என்பது முதல் எண். அப்படி வந்தவர்களில் 120 நாளுக்குள் இரண்டாவது முறை வாங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது இரண்டாவது. முதல் எண்ணில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதில் மூன்றும் அருகருகே வந்தால், உங்கள் முகத்தை வைத்திருப்பதில் மிச்சமாவது விளம்பரச் செலவு மட்டும்தான் என்று அர்த்தம். அந்தச் செலவை எப்போது ஏற்பது என்று நிதானமாக முடிவு செய்யலாம். உங்கள் வீடியோவில் வந்தவர்கள் மட்டும் அதிகம் திரும்பி வந்தால் கதை வேறு. விலகும் வேகத்தை அப்போது பாதியாக்க வேண்டும்.

முதலில் பேட்ச் அறை, கடைசியில் லேபிள்

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லேபிளை மாற்றுவது சுலபம், டிசைனர் ஒருவர் போதும் என்பதால் அதை முதலில் செய்துவிட்டு, பேட்சையும் புகாரையும் பழையபடி நிறுவனரின் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது நிறுவனம். உள்ளே அதே ஒற்றை ஆள் கடைதான்.

உங்கள் மூக்கும் மணிக்கட்டும் செய்கிற வேலையை வேறு இருவருக்குக் கைமாற்றுவதுதான் முதல் வேலை. பிஎச் அளவு, பிசுபிசுப்பு, நுண்ணுயிர்ச் சோதனை போன்றவற்றைக் கருவிகள் பார்த்துக்கொள்ளும். கருவிக்கு எட்டாதது மணமும் தடவும்போது வரும் உணர்வும். இதற்கு நல்ல பேட்ச் ஒன்றிலிருந்து ஒப்பிடும் மாதிரி எடுத்து, வெளிச்சமும் சூடும் படாமல் வையுங்கள். மூன்று மாதம் எல்லா பேட்சையும் நீங்களும் அந்த இருவரும் தனித்தனியாக அந்த மாதிரியோடு ஒப்பிட்டு, சரி அல்லது வேண்டாம், ஏன் என்று எழுதுங்கள். மூவரும் எழுதி முடித்த பிறகுதான் பேச வேண்டும். நீங்கள் முகத்தைச் சுளித்த பிறகு யாரும் "சரி" என்று எழுத மாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று மாதத்தில் 42 பேட்ச். அதில் நீங்கள் வேண்டாம் என்று சொல்வது மிஞ்சினால் மூன்று. எதையுமே முகராமல் எல்லாவற்றுக்கும் "சரி" என்று எழுதுகிறவர்கூட 39 முறை உங்களோடு ஒத்துப்போவார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! அதனால் நீங்களே ஐந்தாறு கெட்ட மாதிரிகளைச் செய்து நடுவில் கலந்துவிடுங்கள். ஒன்றைக் கொஞ்சம் அதிகம் சூடாக்கியிருக்க வேண்டும். ஒன்றில் வேறு லாட் வாசனை எண்ணெய். ஒன்றில் கலக்கும் நேரத்தைக் குறைத்தது. இவற்றைப் பிடிப்பவர்தான் உங்கள் இடத்துக்குத் தேறியவர். அவர் கையெழுத்தில்லாமல் பேட்ச் வெளியே போகக் கூடாது. முக்கியமாக, அவர் வேண்டாம் என்றதை நீங்களோ தம்பியோ "அவசர ஆர்டர்" என்று திறந்துவிடக் கூடாது. நிறுவனம் என்பது என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: நிறுவனரே மீற முடியாத ஒரு கையெழுத்து.

அதற்கடுத்தது புகார்கள். உங்களுக்கு வரும் மெசேஜ்களில் கடைசி 200ஐ எடுத்து, "அக்கா" என்று தொடங்குபவற்றை மட்டும் பிரியுங்கள். சில வெறும் பாசம்: "அக்கா, உடம்பு பரவாயில்லையா?" அவை அப்படியே இருக்கட்டும். சில ஆலோசனை கேட்பவை. அவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் தன் சொந்தப் பெயரில் பதில் சொல்லலாம். மூன்றாவது வகைதான் அபாயமானது. "மூடி உடைந்து வந்தது, ரெண்டு தடவை சொல்லியாச்சு, அக்காகிட்ட சொன்னாத்தான் நடக்கும்னு எழுதுறேன்." இது பாசம் போல ஒலிக்கும். உண்மையில் உங்கள் அலுவலகத்தின் மீதான அவநம்பிக்கை. இந்த வகை எத்தனை என்று ஒவ்வொரு மாதமும் எண்ணுங்கள். புகார்ப் பிரிவில் இருப்பவருக்கு, யாரையும் கேட்காமல் வேறு பாட்டில் அனுப்பவும் பணத்தைத் திருப்பவும் ஒரு வரம்பு வரை அதிகாரம் கொடுத்தால் இது சட்டென்று குறையும். அதிகாரம் கொடுக்காமல் "குழு சார்பில்" என்று கையெழுத்தை மட்டும் மாற்றினால் கூடத்தான் செய்யும்.

இந்த இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகு வீடியோவுக்கு வாருங்கள். வாரம் மூன்றில் ஒன்றை வேதியியலாளருக்கும் ஒன்றை பேட்ச் பார்ப்பவருக்கும் கொடுங்கள். முதல் சில மாதம் நீங்கள் கூடவே நின்று கேள்வி கேட்கும் இடத்தில் இருங்கள். நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அறிமுகத்தால்தான் போகும். திடீரென்று ஒரு புது ஆள் திரையில் தோன்றினால் பார்ப்பவர்கள் தள்ளிவிட்டுப் போவார்கள். பிறகு நீங்கள் புதுப் பொருள் வரும்போது மட்டும் வரலாம். பேட்ச் ஒன்றில் பெரிய தவறு நடந்தால் மட்டும் மறையாதீர்கள். அன்று நீங்களே வந்து பேச வேண்டும்.

லேபிள் கடைசி. போட்டோவை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் கொண்டுபோங்கள், பிறகு கோட்டோவியமாக மாற்றுங்கள். போட்டோவுக்கு வயதாகும், கோட்டோவியத்துக்கு ஆகாது. கர்னல் சாண்டர்ஸ் கேஎஃப்சி என்ற தன் கோழிக்கறித் தொழிலை விற்றது 1964இல், இறந்தது 1980இல். அந்தத் தாடியும் கண்ணாடியும் இன்றும் பலகையில் இருக்கின்றன. அவர் உயிரோடிருந்தபோது புதிய உரிமையாளர்கள் செய்யும் குழம்பைப் பொதுவெளியில் திட்டித் தீர்த்தார் என்பதும் ஒரு கிளை நடத்தியவர்கள் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றார்கள் என்பதும் கூடுதல் செய்தி. படம் சின்னமாகிவிடும். ஆள் ஆகமாட்டார்.

மொத்தமும் ஒன்றரை வருட வேலை. பெயரை மாற்றவே தேவையில்லை.

தம்பியின் யோசனை

தம்பியின் பயம் நியாயமானது. மருந்துதான் தவறு. பெயரையும் முகத்தையும் ஒரே லாட்டில் எடுத்தால் என்ன நடக்கும் என்று என்னிடம் வந்த ஒரு நிறுவனத்தில் கண்ணால் பார்த்தேன். புது லேபிள் போன முதல் வாரம் வந்த அழைப்புகளில் பாதி ஒரே கேள்வி: "கம்பெனியை வித்துட்டாங்களா?" ஃபார்முலாவில் ஒரு துளிகூட மாறவில்லை. ஆனாலும் "முன்ன மாதிரி இல்லை" என்ற புகார் வந்துகொண்டே இருந்தது. லேபிள் மாறினால் வாசனையும் மாறியதாகத் தோன்றும், மனித மூக்கு அப்படி. அவர்கள் நான்கு மாதத்தில் பழைய லேபிளுக்குத் திரும்பினார்கள்.

நடிகை யோசனைக்கு ஒரு பத்தி போதும். ஒரு முகத்தை நம்பியிருக்கும் பிரச்சினையை, இன்னொரு முகத்தை வாடகைக்கு எடுத்துத் தீர்க்க முடியாது. அவருக்கு உங்கள் பேட்ச் அறை எங்கே என்றுகூடத் தெரிந்திருக்காது. ஒப்பந்தம் முடிந்ததும் வேறொருவர் கிரீமைக் கையில் பிடித்துச் சிரிப்பார்.

அவசரமாக முகத்தை மறைப்பதன் விலை என்ன என்பதற்கு வீட்டுப் பராமரிப்பு, சமையல் பத்திரிகையால் புகழ்பெற்ற அமெரிக்கப் பெண் மார்த்தா ஸ்டூவர்ட்டின் கதையைத் தம்பியிடம் சொல்லுங்கள். அவர் பெயரிலேயே இருந்த நிறுவனம் 1999இல் பங்குச் சந்தைக்கு வந்தது. தனிப்பட்ட பங்கு விற்பனை ஒன்று தொடர்பான விசாரணையில் சிக்கி, 2003இல் தலைமைப் பொறுப்பை விட்டார். 2004 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஐந்து மாதம் சிறை. குற்றத்துக்கும் நிறுவனத்தின் பொருட்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் விளம்பரதாரர்கள் விலகினார்கள், பத்திரிகையின் முகப்பில் அவர் பெயரைச் சிறிதாக்கிப் பார்த்தார்கள். ஆனால் வாசகர்கள் வந்ததே அவருக்காக. முன்பே படிப்படியாக வேறு குரல்களை வளர்த்திருந்தால் அந்த நாளில் கை கொடுத்திருக்கும். நெருக்கடி வந்த பிறகு எழுத்தைச் சிறிதாக்கினால் ஒளிப்பதாகத்தான் தெரியும். அவர் வெளியே வந்ததும் அவருடைய முகமும் திரும்ப வந்துவிட்டது. உங்கள் தொண்டை உங்களுக்குக் கொடுத்தது ஒரு சிறிய ஒத்திகை. நெருக்கடி இல்லாத இந்த நேரம்தான் இதைச் செய்யத் தோதானது.

முதலீட்டாளரிடம் கையெழுத்துப் போடும் முன்

"எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு தனித்தனி சொத்துகள் கட்டப்பட்டிருக்கின்றன. வர்த்தக முத்திரையாக உங்கள் பெயர், உங்கள் உருவமும் குரலும், பழைய வீடியோக்கள், வீடியோ போடும் கணக்கு. நான்கையும் பிரித்துப் பேசுங்கள்.

பணம் போடுகிறவருக்குப் பெயர் கம்பெனியிடம் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நாளை நீங்கள் கோபித்துக்கொண்டு போய் அதே பெயரில் எதிர்க்கடை வைத்தால் அவர் கதி என்ன? ஆனால் பெயரை விற்பது என்றால் என்ன என்று விற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜோ மலோன் தன் பெயரிலான வாசனைத் தொழிலை 1999இல் எஸ்டீ லாடர் நிறுவனத்துக்கு விற்றார். 2006இல் வெளியேறினார். ஐந்து வருடம் அந்தத் துறையில் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடு. 2011இல் மறுபடி தொடங்கியபோது சொந்தப் பெயரை அப்படியே வைக்க முடியாமல் ஜோ லவ்ஸ் என்று வைத்தார். ஒப்பனைக் கலைஞர் பாபி பிரவுன் தன் பெயரிலான தொழிலை அதே நிறுவனத்துக்கு 1995இல் விற்றார். அவர் ஒப்புக்கொண்டது 25 வருடத் தடை. அது முடிந்த 2020இல்தான் ஜோன்ஸ் ரோடு என்ற புதுப் பெயரில் மறுபடி ஒப்பனைத் தொழிலுக்கு வந்தார்.

"நான் போய்விட்ட பிறகும் என் பெயரைப் போட்டால் அது மக்களை ஏமாற்றுவதுதானே, கோர்ட் தடுக்காதா?" என்று பலர் என்னிடம் கேட்பார்கள். நீங்களும் அப்படி நினைத்திருக்கலாம். உடை வடிவமைப்பாளர் எலிசபெத் இமானுவேல் இதையே வாதிட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 2006இல் சொன்ன தீர்ப்பின் சாரம் இதுதான்: தொழிலோடு சேர்த்துப் பெயரைக் கைமாற்றிவிட்டால், அந்தப் பெயருக்குரியவர் இப்போது அங்கே இல்லை என்ற ஒரே காரணத்தால் அந்த முத்திரை மக்களை ஏமாற்றுவது ஆகாது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு நீதிமன்றம் மீட்டுத் தரும் என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனவே பெயரைக் கொடுங்கள், எல்லை கட்டிக் கொடுங்கள். சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கு மட்டும் என்று வகை குறித்து எழுதலாம். புத்தகம் எழுதவும் வகுப்பு எடுக்கவும் உங்கள் முழுப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை உங்களிடமே இருக்கட்டும். உருவத்தையும் குரலையும் விற்க வேண்டாம், உரிமமாகக் கொடுங்கள். பொறுப்பில் இருக்கும் வரையும், விலகிய பிறகு ஓராண்டும் பயன்படுத்தலாம் என்பது நான் வழக்கமாகக் கேட்கும் அளவு. பழைய வீடியோக்களில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுவார்கள். "அக்கா தடவிப் பார்த்தேன்" என்று நீங்கள் சொல்லும் வீடியோ, நீங்கள் போய் மூன்று வருடம் கழித்து, நீங்கள் பார்த்தேயிராத ஃபார்முலாவுக்கு விளம்பரமாக ஓடலாம். ஃபார்முலா மாறினால் அந்தப் பொருளின் பழைய வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்றும், வெட்டி ஒட்டி வேறு பொருள் வரும்படி செய்யக் கூடாது என்றும் ஒரு பிரிவு சேருங்கள். கணக்கு யாருடைய போன் நம்பரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். உங்களுடையது என்றால் அது பேரத்தில் உங்கள் கையில் உள்ள சீட்டு, சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

போட்டித் தொழில் தடை எத்தனை வருடம் என்று கட்டாயம் கேளுங்கள். இத்தகைய தடை எந்த அளவு செல்லும் என்பது நாட்டைப் பொறுத்தது. சில இடங்களில் ஊழியர் மீது செல்லாத தடை, பங்கை விற்றவர் மீது செல்லும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வர்த்தக முத்திரைச் சட்டமும் ஒப்பந்தமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். முதலீட்டாளரின் வழக்கறிஞர் உங்களுக்கும் சேர்த்துப் பார்ப்பார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

பேட்ச் அறைக் கையெழுத்தும் மூன்று வீடியோச் சோதனையும் கையில் இருந்தால் பேரம் மாறும். முதலீட்டாளர் உங்கள் படத்தை முழுதாகக் கேட்பது, நீங்கள் போனால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தால். அந்தப் பயத்துக்கு விலைக் குறைப்பும் கேட்பார். நீங்கள் இல்லாமலே பழையவர்கள் வாங்குகிறார்கள், நீங்கள் இல்லாமலே பேட்ச் தேறுகிறது என்று தாளில் காட்ட முடிந்தால், படத்தை இறுகப் பிடிக்க அவருக்கே காரணம் குறைந்துவிடும்.

மகள்

அவளைக் கேட்டீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. அவளுக்கு இந்தத் தொழில் பிடித்திருந்தால் பேட்ச் அறையில் ஒரு வருடம், புகார்ப் பிரிவில் ஆறு மாதம் உட்காரட்டும். பிறகு தான் செய்யும் வேலையைப் பற்றித் தன் பெயரில் பேசட்டும். அம்மாவின் முகச்சாயலுக்காக மட்டும் லேபிளில் போட்டால், நீங்கள் இறக்கப் பார்க்கும் சுமையை இருபத்தோரு வயதுத் தோளில் ஏற்றுகிறீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த வீடியோவில் அந்த வரியை மாற்றுங்கள். நீங்கள் பார்க்காத பேட்சைப் பார்ப்பவரைப் பக்கத்தில் நிறுத்தி, "நான் பார்க்காத பேட்சை இவங்க பார்த்த பிறகுதான் பாட்டிலில் அடைக்கிறோம். எனக்குக் கத்துக்க எட்டு வருஷம் ஆச்சு, இவங்க எப்படிப் பார்க்கிறாங்கன்னு இன்னிக்குக் காட்டறோம்" என்று சொல்லுங்கள். எட்டோ பத்தோ, உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். முதலீட்டாளரிடம் 150 நாள் அவகாசம் கேளுங்கள். நான்கு வார வீடியோவும் அதன்பின் 120 நாளும் சேர்ந்தால்தான் அந்தச் சோதனையின் இரண்டாவது எண் வரும். காரணத்தையும் அவரிடமே சொல்லிவிடலாம்.